மணம், நெடி, வாடை: முதல் ஒயின் கிளாஸ் வாங்குகிறவர்களுக்கு

போன மே மாதம் சென்னையில் எங்கள் வீட்டு மேஜையில் ஒரே சிவப்பு ஒயினை மூன்று பாத்திரங்களில் ஊற்றி வைத்தேன். ஒன்று எவர்சில்வர் டம்ளர், ஒன்று தண்ணீர் குடிக்கிற நேரான கண்ணாடி டம்ளர், மூன்றாவது தண்டு வைத்த ஒயின் கிளாஸ். கிளாஸின் வடிவம் மாறினால் மணமும் மாறும் என்று நண்பருக்குக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. அவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் முகர்ந்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார். நானும் முகர்ந்தேன். அவர் சொன்னது சரி. மூன்றுமே ஒரே மாதிரி மூக்கைக் குத்தின.

ஒயின் அப்போது அறையின் வெப்பத்தில், அதாவது 31 டிகிரியில் இருந்தது. பாட்டிலை ஐஸ் போட்ட தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்து எடுத்து, மறுபடி மூன்றிலும் ஊற்றினோம். இந்த முறை ஒயின் கிளாஸிலிருந்து நாவல்பழத்தை நினைவூட்டும் ஒரு பழ மணம் வந்தது, அதற்குப் பின்னால் மிளகு. கண்ணாடி டம்ளரில் பழம் மட்டும் மெலிதாகத் தெரிந்தது. எவர்சில்வரில் மூக்கை உள்ளே விட்டுத் தேட வேண்டியிருந்தது. ஒரே பாட்டில், ஒரே மேஜை, அரை மணி நேர இடைவெளி. நண்பர் மறுநாளே கடைக்குப் போய் எந்த கிளாஸ் வாங்குவது என்று கேட்டு போன் செய்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

கிளாஸுக்கு என்ன வேலை?

மூக்குக்கு எட்டுவதைச் சொல்ல நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மணம் என்றால் நமக்கு வேண்டியது. நெடி என்றால் மூக்கைக் குத்துவது, மிளகாய் வறுக்கும்போது வருகிற மாதிரி. வாடை என்றால் இருக்கவே கூடாதது. மதுவை ஊற்றும் எந்தப் பாத்திரத்தையும் இந்த மூன்றையும் வைத்தே எடை போடலாம். மணத்தைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஆல்கஹாலின் நெடியை மூக்கின் வழியிலிருந்து ஒதுக்க வேண்டும், தன் பங்குக்கு எந்த வாடையையும் சேர்க்கக் கூடாது.

சளி பிடித்த நாளில் ரசம் வெறும் புளிப்பும் உப்புமாகத் தெரியும். புளிப்பையும் உப்பையும் நாக்கு சொல்லிவிடும். சீரகம், மிளகு, கொத்தமல்லி என்று ரசத்தை ரசமாக்குவதையெல்லாம் மூக்குதான் சொல்கிறது. ஒயினும் விஸ்கியும் அப்படித்தான். நாக்கில் இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு. மற்றதெல்லாம் ஆவியாக மூக்குக்குப் போகிறவை. கிளாஸின் வடிவம் விளையாடுவது இந்த ஆவியோடுதான்.

ஆவி திரவத்தின் மேற்பரப்பிலிருந்து கிளம்புகிறது. மேற்பரப்பு அகலமாக இருந்தால் நிறையக் கிளம்பும். ஆனால் பாத்திரத்தின் வாயும் அதே அகலத்தில் இருந்தால், கிளம்பியது அப்படியே அறைக்குள் கலந்து போய்விடும். நம் வீடுகளில் தலைக்கு மேல் மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் வயிறு அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்க வேண்டும். திரவத்துக்கும் விளிம்புக்கும் நடுவே கணிசமான வெற்றிடமும் வேண்டும். அந்த வெற்றிடத்தில்தான் மணம் தங்கும். கிளாஸை விளிம்புவரை நிரப்பினால் எவ்வளவு நல்ல கிளாஸ் வாங்கியும் பயனில்லை.

இதனால் கடையில் முதலில் செய்ய வேண்டியது எளிது. கிளாஸை மேலிருந்து பாருங்கள். வாயின் விளிம்புக்கு வெளியே வயிறு பிதுங்கித் தெரிந்தால் சரியான திசையில் போகிறீர்கள். விளிம்பு மட்டுமே தெரிந்தால் அது நேரான டம்ளர், அல்லது வெளிப்பக்கம் விரிந்தது. கையில் ஸ்கேல் இருந்தால் இன்னும் நல்லது. ஒயினைச் சுவைத்து மதிப்பிடுகிறவர்களுக்காக 1977-இல் ஒரு சர்வதேசத் தர அளவு வெளிவந்தது. ஐ.எஸ்.ஓ. 3591 என்று அதற்குப் பெயர். அதன்படி கிளாஸின் வயிறு 65 மி.மீ., வாய் 46 மி.மீ. அகலம். வயிற்றில் பத்து பங்கு என்றால் வாய் ஏழு பங்கு. கொள்ளளவு 215 மி.லி. சுமார் இருக்கும், ஆனால் ஊற்றுவது 50 மி.லி. மட்டும். முக்கால் பங்கு காலியாக விடத்தான் அந்த கிளாஸையே செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வீட்டில் குடிக்க அந்த கிளாஸ் கொஞ்சம் சிறியது. அந்த விகிதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஏழு, ஏழரை.

நெடி எங்கே போகிறது?

மணம் தங்குவது புரிகிறது, நெடியை எப்படி ஒதுக்குவது என்ற கேள்வி வரும். எனக்கே இது வெகுநாள் விளங்காமல் இருந்தது. ஜப்பானில் டோக்கியோ மருத்துவ பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கோஜி மிட்சுபயாஷி குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டியது. ஆல்கஹால் ஆவி பட்டால் ஒளிரும்படி நொதிகள் ஏற்றிய ஒரு வலையை கிளாஸின் வாய்மேல் வைத்து, மேலிருந்து கேமராவில் படம் எடுத்தார்கள். ஒயின் கிளாஸில் 13 டிகிரி ஒயின் இருந்தபோது படத்தில் ஒரு வளையம் தெரிந்தது. விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஆல்கஹால் அதிகம், நடுவில் குறைவு. அதாவது நாம் மூக்கை வைக்கிற நடுப்பகுதியில் நெடி குறைந்து, மணத்துக்கு வழி கிடைக்கிறது. நேரான கிளாஸிலும் புனல் போல விரிந்த மார்ட்டினி கிளாஸிலும் இந்த வளையம் வரவில்லை.

இன்னொரு முடிவுதான் நமக்கு முக்கியம். அதே ஒயின் கிளாஸில் ஒயினை 25 டிகிரிக்குச் சூடாக்கியபோது வளையம் காணாமல் போனது. வாய் முழுக்க ஆல்கஹால். என் மேஜையில் 31 டிகிரியில் மூன்று பாத்திரமும் ஒன்றுபோல் குத்தியதில் வியப்பில்லை.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளின் அறை வெப்பம். 16 முதல் 18 டிகிரி. சென்னையிலோ மதுரையிலோ அலமாரியில் இருக்கும் பாட்டிலை ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடும். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெறும் ஐஸ் போதாது, தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலை முழுக்கத் தழுவிக் குளிர வைக்கும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் மூக்கே சொல்லிவிடும். முகர்ந்தவுடன் பழத்துக்கு முன்னால் குத்தல் வந்தால் இன்னும் குளிர வேண்டும். எதுவுமே வரவில்லையென்றால் அதிகமாகக் குளிர்ந்துவிட்டது, கிளாஸின் வயிற்றை உள்ளங்கையால் இரண்டு நிமிடம் பிடித்திருங்கள்.

தண்டு எதற்கு என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. நம் ஊர் வெயிலில் கை சூடு சேர்ந்தால் ஒயின் சீக்கிரமே 25-ஐத் தாண்டும். தண்டைப் பிடித்தால் கொஞ்சம் தாமதப்படும். ஒவ்வொரு முறையும் குறைவாக ஊற்றி, பாட்டிலைக் குளிரிலேயே வைத்திருப்பது அதைவிடப் பலன் தரும்.

ஒயினுக்கு ஒரே கிளாஸ் போதும்

கடையில் காபர்நே கிளாஸ், பீனோ நுவார் கிளாஸ், ஷார்டனே கிளாஸ் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரு வடிவம் என்ற எண்ணத்தைப் பரப்பியதில் ஆஸ்திரியாவின் கண்ணாடித் தயாரிப்பாளர் க்ளௌஸ் ரீடலுக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய சொம்மலியே வரிசை 1973-இல் வந்தது. அதற்கு முன் கிளாஸ் என்றால் வெட்டு வேலைப்பாடும் நிறமும்தான் அழகு. மெல்லிய, வெறுமையான, வடிவத்தையே நம்பிய கிளாஸை மேஜைக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முன்னோடி.

வடிவத்துக்கு வேலை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விற்கிறவர்கள் சிலர் இன்றும் சொல்கிற ஒரு விளக்கத்தை நம்ப வேண்டாம். இந்த கிளாஸ் ஒயினை நாக்கின் நுனியில் ஊற்றும், அங்கேதான் இனிப்பு தெரியும் என்பார்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு என்ற அந்த வரைபடம், 1901-இல் ஒரு ஜெர்மானிய ஆய்வில் கண்ட மிகச் சிறிய வேறுபாடுகளைப் பிற்பாடு தவறாகப் பெரிதுபடுத்தியதால் உருவானது. எல்லாச் சுவைகளையும் நாக்கில் சுவை மொட்டுள்ள எல்லா இடமும் உணரும். விரலில் கொஞ்சம் சர்க்கரையைத் தொட்டு நாக்கின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதல் முறை வாங்குகிறவர் 350 முதல் 450 மி.லி. பிடிக்கிற, துலிப் மலர் போல மேலே குவிகிற ஒரே வகை கிளாஸை வாங்கினால் சிவப்புக்கும் வெள்ளைக்கும் அதுவே போதும். ஊற்றும் அளவு, வயிறு எங்கே மிக அகலமாக இருக்கிறதோ அந்தக் கோடுவரை. 120 முதல் 150 மி.லி. வரும். அந்தக் கோட்டில் நிறுத்தினால் மேற்பரப்பு அதிகபட்ச அகலத்தில் இருக்கும், மேலே இடமும் மிஞ்சும்.

விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மலிவான கிளாஸில் விளிம்பு உருண்டு தடித்திருக்கும். மெல்லியதாக வெட்டி வழவழப்பாக்கிய விளிம்பில் ஒயின் வாய்க்கு ஒரே சீராக வரும். இது மணத்தைவிடக் குடிக்கிற சுகத்தைச் சேர்ந்தது, ஆனாலும் எனக்கு அது முக்கியம். அதோடு கிளாஸை முகத்தருகே கொண்டுபோய், சாய்க்கும்போது மூக்கு உள்ளே போகிறதா என்று பாருங்கள். மூக்கு விளிம்பில் இடித்தால் எத்தனை அழகான கிளாஸானாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

பழைய பாணி லெட் கிரிஸ்டல் கிளாஸ் யாராவது பரிசாகத் தந்தால், அந்த வேளைக்கு ஊற்றிக் குடிப்பதில் பெரிய கவலை வேண்டாம். ஆனால் அதே கண்ணாடியில் செய்த குடுவையில் மதுவை நாள்கணக்கில் சேர்த்து வைக்கக் கூடாது, ஈயம் கசியும். இப்போது ஈயம் இல்லாத கிரிஸ்டல் எளிதாகக் கிடைக்கிறது.

ஊற்றியதும் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள். பிறகு கிளாஸை மேஜைமேல் வைத்தபடியே மூன்று நான்கு சுற்றுச் சுழற்றுங்கள். கையில் தூக்கிச் சுழற்றினால் புதியவர்கள் சட்டையில்தான் ஊற்றிக்கொள்வார்கள். சுழற்றும்போது உள்சுவர் முழுக்க ஒயின் மெல்லிய படலமாகப் பரவும். மேற்பரப்பு பலமடங்காகி, அதுவரை வெளிவராத மணம் கிளம்பும். இரண்டு முகர்தலுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால் உங்கள் கிளாஸ் வேலை செய்கிறது என்று பொருள்.

நுரைக்கும் ஒயினுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஃபிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் ரீம்ஸ் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் இந்தக் குமிழிகளையே வாழ்நாள் வேலையாக ஆராய்கிறார். ஒல்லியான ஃபுளூட் கிளாஸின் வாயில் கரியமில வாயு மிக அடர்த்தியாகத் திரள்கிறது என்று அவர் குழு அளந்து காட்டியது. சோடா பாட்டிலைத் திறந்தவுடன் முகர்ந்தால் சுரீரென்று ஏறுமே, அந்தக் குத்தல் அதுதான். அகலத் தட்டுப் போன்ற கூப் கிளாஸில் குத்தல் குறைவு, ஆனால் வாயு சீக்கிரம் ஓடிப்போகும். அதனால் நான் மேலே சொன்ன அதே துலிப் கிளாஸில், அதைச் சாய்த்துப் பிடித்து, சுவரோடு வழியவிட்டு ஊற்றுகிறேன். சாய்த்து ஊற்றினால் வாயு அதிகம் தங்கும் என்பதையும் அவர்கள் அளந்திருக்கிறார்கள்.

விஸ்கி: இங்கே நெடிதான் எதிரி

ஒயினில் ஆல்கஹால் 12, 13 சதவீதம். நம் ஊர் விஸ்கியில் 42.8. மூன்று மடங்குக்கும் மேல். அதனால் ஒயினுக்குச் செய்கிறதை இங்கே அப்படியே செய்தால் மூக்கு மரத்துப் போகும். புதியவர்கள் பலர் விஸ்கியில் மணமே இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது என்று சொல்வதற்கு முதல் முகர்தலிலேயே மூக்கை முழுக்க உள்ளே விட்டுவிடுவதுதான் காரணம்.

இதற்கென்று பரவலாகப் பயன்படும் கிளாஸ், ஸ்காட்லாந்தில் 2001-இல் அறிமுகமான கிளென்கெய்ர்ன். குட்டையான அடி, பருத்த வயிறு, அதிலிருந்து மேலே நீளமாகக் குவிகிற கழுத்து. விஸ்கி கலப்பவர்கள் ஆலையில் வெகுகாலமாகப் பயன்படுத்துகிற, ஸ்பெயினின் ஷெர்ரி கிளாஸிலிருந்து வந்த, தண்டு வைத்த கோபிட்டாவின் தடித்த தம்பி என்று சொல்லலாம். 30 மி.லி. ஊற்றினால் வயிற்றின் அகலமான இடத்தை ஒட்டி நிற்கும். மேலே கழுத்து முழுக்க வெற்றிடம்.

அடி தடித்த அகல டம்ளர் எதற்கு என்று கேட்பீர்கள். ஐஸ் கட்டி போடவும் சோடா ஊற்றவும் அதுதான் வசதி. அப்படிக் குடிக்கிறவர் விலையுயர்ந்த கிளாஸ் தேட வேண்டியதில்லை. குளிர்ந்த, நீர்த்த விஸ்கியில் கிளாஸ் சேர்த்துப் பிடிக்க அதிகம் ஒன்றும் மிஞ்சாது. படங்களில் வருகிற பெரிய பலூன் வடிவ பிராந்தி கிளாஸை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளங்கையில் ஏந்திச் சூடாக்கி, குறுகிய வாயில் முகர்ந்தால் முதலில் வருவது ஆல்கஹாலின் நெடிதான். பிராந்திக்கும் நல்ல ரம்முக்கும் கிளென்கெய்ர்னையே பயன்படுத்துங்கள்.

ஒரு பெக்கை வைத்து முழுதாகச் செய்து பார்ப்போம். 30 மி.லி. ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். முதல் நெடி கொஞ்சம் கலையும். கிளாஸை ஒயின் போலச் சுழற்ற வேண்டாம், சுழற்றினால் நெடிதான் எழும். முதலில் முகவாய்க்கு நேராகப் பிடித்து மெதுவாக மூச்சை இழுங்கள், வாய் லேசாகத் திறந்திருக்கட்டும். வாய் திறந்திருந்தால் மூக்கில் குத்தல் குறைவது உடனே தெரியும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவாருங்கள். எங்கே குத்தத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு விரல் கீழேதான் உங்கள் மூக்கின் இடம்.

அடுத்து ஐந்து மி.லி. தண்ணீர், அதாவது ஒரு சிறிய ஸ்பூன். செறிவு 42.8-லிருந்து 37 சதவீதத்துக்கு அருகே இறங்கும். மறுபடி முகருங்கள். புகை மணமுள்ள விஸ்கியாக இருந்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். இதற்கான காரணத்தை ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2017-இல் கணினி மாதிரி மூலம் ஆராய்ந்தார்கள். புகை மணத்துக்குக் காரணமான குவையகோல் மூலக்கூறு, 59 சதவீதத்துக்கு மேற்பட்ட செறிவில் ஆல்கஹாலால் சூழப்பட்டுத் திரவத்துக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. 45 சதவீதமும் அதற்குக் கீழும் அது மேற்பரப்பை நாடி வருகிறது. மேற்பரப்புக்கு வந்தால்தான் மூக்குக்கு வரும். எல்லா மணமும் இந்த ஒரு மூலக்கூறுபோல நடந்துகொள்ளும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, அதனால் ஒவ்வொரு விஸ்கிக்கும் எவ்வளவு தண்ணீர் என்பதை முகர்ந்தே முடிவு செய்ய வேண்டும். இன்னொரு ஸ்பூன் ஊற்றினால் 32 சதவீதம். பெரும்பாலான விஸ்கிகளில் எனக்கு முதல் ஸ்பூனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலேயே மணம் நன்றாக வந்துவிடுகிறது. அதற்கு மேல் தண்ணீர் ருசியே மிஞ்சும்.

தண்ணீரில் கவனம் வேண்டும். குளோரின் வாடையுள்ள குழாய்த் தண்ணீரை ஊற்றினால் மேலே சொன்னது அத்தனையும் வீண். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் நல்லது.

பீர்: வடிவத்துக்கு முன்னால் நுரை

பாட்டிலிலிருந்தோ டின்னிலிருந்தோ நேராகக் குடித்தால், அதன் திறப்பை உதடு அடைத்துக்கொள்ளும், மூக்குக்கு ஒன்றும் போகாது. எந்தக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினாலும் அதைவிட மேல். ஊற்றும்போது குமிழிகள் மேலே வந்து உடையும், உடையும்போது மணத்தை மேலே எறியும், நுரை அதன்மேல் ஒரு மூடியாக நின்று மெல்ல மெல்ல விடும். அதனால் பீர் கிளாஸில் நான் முதலில் பார்ப்பது நுரைக்கு இடம் இருக்கிறதா என்பதைத்தான்.

நம் ஊரில் அதிகம் கிடைக்கும் லாகர் பீருக்கு உயரமான, மேலே சற்றே விரிந்த சாதாரண கிளாஸ் போதும். அந்த பீரில் சேர்த்துப் பிடிக்கும்படி மணம் அதிகமில்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவை நிறையச் சேர்த்த ஐ.பி.ஏ. மாதிரி பீருக்கு உங்கள் ஒயின் கிளாஸையே எடுங்கள். ஆரஞ்சுத்தோல், மாம்பழம் என்று அதில் எழுகிற மணம் டம்ளரில் பாதிகூடத் தெரியாது.

கோதுமை பீர் தனி. ஜெர்மனியின் பவேரியாவில் வைட்சன் என்று அழைக்கிற இந்த பீரில் கிராம்பும் வாழைப்பழமும் மணக்கும். இரண்டுமே சேர்க்கப்பட்டவை அல்ல, ஈஸ்ட் உண்டாக்கியவை. அதற்கான கிளாஸ் ஒரு சாண் போல உயர்ந்து, கீழே ஒடுங்கி, மேலே பருத்து, வாயருகே லேசாகக் குவியும். அரை லிட்டர் பீரும் அதன்மேல் நான்கு விரல் நுரையும் பிடிக்கும் அளவு. கிளாஸை முதலில் தண்ணீரில் அலசி ஈரமாக வையுங்கள், இல்லையென்றால் நுரை கட்டுக்கடங்காமல் பொங்கும். நன்றாகச் சாய்த்து மெதுவாக ஊற்றி, பாட்டிலில் இரண்டு விரல் மிஞ்சும்போது நிறுத்துங்கள். பாட்டிலைச் சுழற்றி அடியில் தங்கிய ஈஸ்டைக் கலக்கி, கிளாஸை நேராக்கி நடுவில் ஊற்றுங்கள். நுரை பருத்த பகுதியில் ஏறி நிற்கும். அப்போது முகர்ந்தால் கிராம்பு தெரியாமல் போகாது.

உறையவைத்த கிளாஸில் பீர் தருவதை உபசாரம் என்று நினைக்கிறோம். பனிப்பூச்சு உருகி பீரில் கலக்கும், ஃப்ரீசரில் இருந்த மீனின் வாடையும் சேர்ந்து வரும், நாக்கும் மூக்கும் குளிரில் பாதி தூங்கிவிடும். பீர் குளிர்ந்தால் போதும், கிளாஸ் குளிர வேண்டாம்.

பீரைக் கெடுப்பதில் வடிவத்தைவிட எண்ணெய்ப் பிசுக்குக்குத்தான் பெரிய பங்கு. நுரையைக் கட்டி நிறுத்துவது முளைகட்டிய தானியமான மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும். கொஞ்சம் கொழுப்பு பட்டாலும் அந்தக் கட்டு அறுந்து நுரை உட்கார்ந்துவிடும். கிளாஸ் சுத்தமா என்று பார்க்க, உள்ளே தண்ணீரில் நனைத்துக் கவிழ்த்து, ஒரு சிட்டிகை தூள் உப்பைச் சுவரெங்கும் தூவுங்கள். சீராக ஒட்டினால் சுத்தம். திட்டுத் திட்டாக உப்பு விழுந்துவிட்ட இடத்தில் பிசுக்கு இருக்கிறது. ஊற்றிய பிறகும் தெரியும். பீரின் உள்ளே கிளாஸின் சுவரில் குமிழிகள் அப்பிக்கொண்டு நின்றால் அங்கே அழுக்கு. குடிக்கக் குடிக்கச் சுவரில் நுரை வளையம் வளையமாகத் தங்கினால் நன்றாகக் கழுவியிருக்கிறீர்கள்.

வாடை: பாதி மணம் கழுவுமிடத்தில் போகிறது

நல்ல ஒயின் என்று நம்பி வாங்கிய ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினேன், மூக்கருகே கொண்டுபோனதும் ஏதோ மருந்து போல அடித்தது. பாட்டிலில்தான் குறை என்று கடையில் திருப்பித் தரும் எண்ணத்தோடு மூடி வைத்தேன். மறுநாள் தற்செயலாக அதே வரிசையில் இருந்த காலி கிளாஸை முகர்ந்தேன். அதே மருந்து வாடை. மர அலமாரியில் கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்திருந்தேன், மேல்தட்டில் பட்டுப்புடவைகளுக்காகப் போட்ட அந்துருண்டை. கவிழ்ந்த கிளாஸுக்குள் அந்த வாடை வாரக்கணக்கில் தேங்கியிருக்கிறது. குறுகிய வாய் மணத்தைப் பிடித்து வைப்பது போலவே வாடையையும் பிடித்து வைக்கும்.

அன்றிலிருந்து ஊற்றுவதற்கு முன் காலி கிளாஸை முகராமல் நான் எதையும் ஊற்றுவதில்லை. கிளாஸை நிமிர்த்தித்தான் வைக்கிறேன், தூசி விழுந்தால் அலசிக்கொள்ளலாம். ஒயினே கொஞ்சம் ஊற்றி உள்ளே சுழற்றிக் கொட்டிவிட்டுப் பிறகு ஊற்றுவதும் நல்ல பழக்கம், ஒரு ஸ்பூன் ஒயின்தான் போகும்.

கழுவுவதற்குத் தனி ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார்ப் பாத்திரம் தேய்த்த ஸ்பாஞ்சில் எண்ணெயும் பெருங்காயமும் ஊறியிருக்கும், எவ்வளவு அலசினாலும் கிளாஸில் கொஞ்சம் ஒட்டும். எலுமிச்சை வாசனைச் சோப்பு வேண்டாம். வாசனையில்லாத திரவச் சோப்பு ஒரு துளி, சுடுதண்ணீர், பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாக அலசல். போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டு படியும். கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் அலசினால் போகும், அதற்குப் பிறகு வினிகரின் வாடையும் போக இன்னொரு முறை.

துடைக்கும்போதுதான் அதிகம் உடைகிறது. அடித்தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கிண்ணத்தைத் திருகித் துடைத்தால் தண்டு முறுகி ஒடியும். கிண்ணத்தைத் துடைக்கும்போது கிண்ணத்தையே பிடியுங்கள், அடித்தட்டைத் துடைக்கும்போது அடித்தட்டை. துணி பஞ்சு உதிராததாக இருக்கட்டும்.

விஸ்கி கிளாஸை மட்டும் அன்றிரவே கழுவ வேண்டாம். குடித்து முடித்ததும் அப்படியே மேஜையில் விட்டுவிட்டு, காலையில் கழுவப் போகும் முன் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் இரவோடு இரவாகப் போயிருக்கும். கனமான மணங்கள் அடியில் காய்ந்த படலத்தில் தங்கியிருக்கும். ஓக் பீப்பாயின் மரம், வெனிலா, புகை விஸ்கியென்றால் அணைந்த அடுப்புச் சாம்பல். முந்தைய இரவில் நெடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஏதாவது ஒன்றை அந்தக் காலி கிளாஸில் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அடுத்த முறை அதே பாட்டிலை ஊற்றும்போது அதை எங்கே தேடுவது என்று மூக்குக்குத் தெரிந்திருக்கும்.